கிராஸ் மார்ஜின் 40, காண்ட்ரிபியூஷன் 30: எதை எப்போது பார்ப்பது?

கேள்வி: அண்ணே, நான் பி.காம் மூன்றாம் ஆண்டு. காரைக்குடியில் ஒரு ஆச்சி நடத்தும் பலகாரக் கூடத்தை வைத்துப் புராஜெக்ட் செய்கிறேன். அவர்கள் தேன்குழல் கணக்கில் கிராஸ் மார்ஜின் போட்டால் 40 சதவீதம் வருகிறது. காண்ட்ரிபியூஷன் மார்ஜின் போட்டால் 30 சதவீதம் வருகிறது. இரண்டுமே விற்பனையிலிருந்து செலவைக் கழிப்பதுதானே? இதில் எது சரி? ஆச்சியிடம் எதைச் சொல்வது?

பதில்: இரண்டும் சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு செலவுகளைக் கழிக்கின்றன. ஒன்று நிதிக் கணக்கியல் தாளில் வருகிறது, மற்றது செலவுக் கணக்கியல் தாளில் வருகிறது. இரண்டையும் ஒரே கடையின் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட நான் படித்தபோதும் யாரும் இல்லை. பிறகு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதப் போன இடத்தில்தான் தட்டுத் தடுமாறிப் பிடிபட்டது. நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே படிப்படியாகப் போவோம்.

1. முதலில் இந்தக் காகிதங்களை வாங்குங்கள்

இலாப நட்டக் கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதிலிருந்து கிராஸ் மார்ஜினை எடுக்கலாம், காண்ட்ரிபியூஷனை எடுக்க முடியாது. அதற்கு மூலக் காகிதங்கள் வேண்டும்: அரிசி, உளுந்து, எண்ணெய் வாங்கிய பில்கள், கேஸ் சிலிண்டர் ரசீது, கூலி நோட்டு, மாதச் சம்பளப் பட்டியல், வாடகை ரசீது, பார்சல் சர்வீஸ் ரசீதுகள், கடைக்காரர்கள் அனுப்பும் கமிஷன் பட்டியல். மாத ஆரம்பத்திலும் கடைசியிலும் இருந்த சரக்கு எத்தனை கிலோ என்பதையும் கேளுங்கள். பல கூடங்களில் இது யாருடைய நோட்டிலும் இருக்காது, ஆச்சியின் மனதில்தான் இருக்கும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நேரம் இழுப்பது கமிஷன் பட்டியல்தான். ஐப்பசியில் விற்ற சரக்கின் கமிஷன் கார்த்திகையில்தான் பட்டியலாக வரும், உடைந்து திரும்பிய பாக்கெட்டுகளின் கழிவோடு. பணம் எப்போது போனது என்று பார்க்காமல், எந்த மாத விற்பனைக்கு உரியது என்று பார்த்து அந்த மாதத்தில் எழுதுங்கள். புராஜெக்ட் கொடுக்க வேண்டிய தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வைத்தால்தான் கைக்கு வரும்.

விற்பனைத் தொகையை ஜி.எஸ்.டி. நீக்கி எடுங்கள். அந்த வரி ஆச்சியின் வருமானம் அல்ல. அதைச் சேர்த்து எழுதினால் இரண்டு சதவீதமும் தவறாகிவிடும்.

2. ஒவ்வொரு பில்லிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. "நேரடிச் செலவு என்றால் மாறும் செலவு, மறைமுகச் செலவு என்றால் நிலையான செலவு" என்று பெரும்பாலானோர் மனதில் பதிந்திருக்கிறது. அப்படி இல்லை. இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

முதல் கேள்வி: இந்தச் செலவு எங்கே நடந்தது? பலகாரம் தயாராகும் வரையிலா, தயாரான பிறகு விற்பதிலா? கிராஸ் மார்ஜினுக்கு இந்தக் கேள்வி மட்டும் போதும். தயாரிப்பு தொடர்பான எல்லாச் செலவையும் கழிக்கும். விற்பனைச் செலவைத் தொடாது.

இரண்டாம் கேள்வி: ஒரு கிலோ கூடுதலாகச் செய்து விற்றால் இந்தச் செலவு கூடுமா? காண்ட்ரிபியூஷனுக்கு இந்தக் கேள்வி மட்டும் போதும். கூடும் செலவை எல்லாம் கழிக்கும், அது அடுப்படியில் நடந்தாலும் சரி, பஸ் பார்சலில் நடந்தாலும் சரி. கூடாத செலவைத் தொடாது.

இரண்டு கேள்வியையும் கேட்டால் எல்லா பில்லும் நான்கு குவியலாகப் பிரியும். ஆச்சியின் கூடம் மாதம் 1,000 கிலோ தேன்குழல் செய்து, 1,000 கிலோவையும் கிலோ 400 ரூபாய்க்கு விற்கிறது. விற்பனை 4,00,000 ரூபாய். உங்கள் எண்களைப் பிரித்தால்:

- தயாரிப்பில் நடப்பது, கிலோவோடு கூடுவது: மாவுச் சாமான் 70, எண்ணெய் 60, கிலோ கணக்குக் கூலி 40, கேஸ் 20, கவர் 10. கிலோவுக்கு 200 ரூபாய், மாதம் 2,00,000.
- தயாரிப்பில் நடப்பது, கிலோவோடு கூடாதது: கூடத்து வாடகை 12,000, மாஸ்டரின் மாதச் சம்பளம் 22,000, இயந்திரத் தேய்மானம் 6,000. மாதம் 40,000.
- விற்பனையில் நடப்பது, கிலோவோடு கூடுவது: கடைக் கமிஷன் 15 சதவீதம், அதாவது 60 ரூபாய், பார்சல் 20 ரூபாய். கிலோவுக்கு 80 ரூபாய், மாதம் 80,000.
- விற்பனையிலும் அலுவலகத்திலும் நடப்பது, கிலோவோடு கூடாதது: கணக்குப் பிள்ளை சம்பளம், போன், விளம்பரம். மாதம் 30,000.

3. இப்போது கழித்துப் பாருங்கள்

கிராஸ் மார்ஜின் முதல் இரண்டு குவியலைக் கழிக்கிறது. 4,00,000 கழித்தல் 2,40,000. மிச்சம் 1,60,000, அதாவது 40 சதவீதம்.

காண்ட்ரிபியூஷன் முதல் குவியலையும் மூன்றாவதையும் கழிக்கிறது. 4,00,000 கழித்தல் 2,80,000. மிச்சம் 1,20,000, அதாவது 30 சதவீதம். கிலோவுக்கு 120 ரூபாய்.

இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? வாடகை, மாஸ்டர் சம்பளம், தேய்மானம் என்ற 40,000 கிராஸ் மார்ஜினில் மட்டும் கழிகிறது. கமிஷனும் பார்சலும் சேர்ந்த 80,000 காண்ட்ரிபியூஷனில் மட்டும் கழிகிறது. வித்தியாசமான 40,000 அதுதான். எப்போதும் காண்ட்ரிபியூஷன்தான் குறைவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கமிஷனே இல்லாமல், கூடத்து வாசலிலேயே விற்கிற ஒருவருக்குக் காண்ட்ரிபியூஷன் கிராஸ் மார்ஜினைத் தாண்டி நிற்கும்.

போட்டது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு பக்கமிருந்தும் நிகர லாபம் வரை இறங்குங்கள். 1,60,000-லிருந்து 80,000-ஐயும் 30,000-ஐயும் கழித்தால் 50,000. 1,20,000-லிருந்து 40,000-ஐயும் 30,000-ஐயும் கழித்தால் அதே 50,000. செய்த சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்த மாதத்தில் இரண்டும் ஒத்துப்போயே ஆக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு பில் ஒரு பக்கத்தில் இரண்டு முறை கழிந்திருக்கிறது, அல்லது கழியவே இல்லை.

இன்னொன்று. கண்டாங்கிச் சேலையை வாங்கி அப்படியே கல்லாவில் விற்கும் ஜவுளிக்கடைக்கு இந்த இரண்டு எண்ணும் ஒன்றாகவே வரலாம். அங்கே தயாரிப்பும் இல்லை, சேலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கமிஷனும் இல்லை. பாடத்தில் வரும் சின்ன உதாரணங்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். அதனால்தான் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது.

4. கூலி என்ற தலைப்பை நம்பாதீர்கள்

கூலி நோட்டில் "கூலி 40,000" என்று இருந்தால் உடனே மாறும் செலவு என்று எழுதிவிடுவோம். பிழியும் பெண்களுக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் என்று கொடுத்தால் அது மாறும் செலவுதான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் வந்தால் நாள் கூலி என்று பேசியிருந்தால், அடுத்த கிலோவுக்காக அது கூடப்போவதில்லை. அது நிலையான செலவு.

இப்படி மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். காண்ட்ரிபியூஷன் கிலோவுக்கு 120-லிருந்து 160 ஆகிவிடும். நிலையான செலவும் அதே 40,000 கூடும். கிராஸ் மார்ஜின் மட்டும் அசையாமல் 40 சதவீதத்திலேயே நிற்கும், ஏனென்றால் கூலி எப்படிப் பேசப்பட்டிருந்தாலும் அது தயாரிப்புச் செலவுதான். எனவே தலைப்பைப் பார்க்காமல், ஆடி மாத நோட்டையும் தீபாவளி மாத நோட்டையும் எடுத்து வைத்துப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, பலகாரம் குறைவாகத்தான் ஓடும். கிலோ பாதியானபோது கூலியும் ஏறத்தாழ பாதியானதா? அப்படியானால் மாறும் செலவு. குறையாமல் அப்படியே நின்றதா? நிலையானது. கரண்ட் பில்லையும் இப்படியே சோதியுங்கள். அதில் பெரும்பாலும் கொஞ்சம் நிற்கும், கொஞ்சம் கூடும். பிரித்து இரண்டு குவியலிலும் எழுதுங்கள்.

5. ஆர்டர் வந்தால் காண்ட்ரிபியூஷனைப் பாருங்கள்

ஆச்சிக்கு இந்த இரண்டு எண்ணும் முட்டிக்கொள்வது ஆர்டர் வரும்போதுதான். கூடத்தில் மாதம் 1,300 கிலோ வரை செய்யலாம், இப்போது செய்வது 1,000. இந்த நிலையில் இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவர் கல்யாணச் சீருக்கு 200 கிலோ கேட்கிறார். கிலோ 230 ரூபாய்தான் தருவேன், நானே வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அடக்கம் கிலோவுக்கு 240 ஆயிற்றே, பத்து ரூபாய் நட்டம் என்று கிராஸ் மார்ஜின் சொல்லும். ஆனால் அந்த 240-இல் 40 ரூபாய், ஏற்கெனவே கொடுத்தாக வேண்டிய வாடகையிலும் சம்பளத்திலும் விழுந்த பங்கு. இந்த ஆர்டரை எடுக்காவிட்டாலும் அது போகத்தான் போகிறது. கூடுதலாகச் செலவாவது 200 மட்டுமே. கமிஷன் இல்லை, பார்சல் இல்லை. கிலோவுக்கு 30 ரூபாய், 200 கிலோவுக்கு 6,000 ரூபாய் மிஞ்சும். எடுக்கலாம்.

அடுத்தவர் வெளியூர்க் கடைக்காரர். கிலோ 320 ரூபாய்க்கு மாதம் 100 கிலோ எடுக்கிறேன், 25 சதவீதக் கமிஷன், பார்சல் செலவு உங்களுடையது என்கிறார். பார்சல் கிலோவுக்கு 60 ரூபாய் ஆகிறது. கிராஸ் மார்ஜின் பார்த்தால் 320 கழித்தல் 240, 80 ரூபாய் லாபம், 25 சதவீதம், அருமை. காண்ட்ரிபியூஷன் பார்த்தால் 320-லிருந்து தயாரிப்புக்கு 200, கமிஷன் 80, பார்சல் 60 போகிறது. மிச்சம் இருபது ரூபாய் கழித்தலில். அனுப்பும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆச்சி கையிலிருந்து 20 ரூபாய் போகிறது, மாதம் 2,000. அதிகமாக அனுப்ப அனுப்ப நட்டம் கூடுமே தவிர, ஒருநாளும் சமாளிக்க முடியாது.

கிராஸ் மார்ஜின் வேண்டாம் என்றது நல்ல ஆர்டர், அருமை என்றது கெட்ட ஆர்டர். என்னைக் கேட்டால், புராஜெக்டில் இந்த ஒரு ஒப்பீட்டை எழுதினாலே போதும்.

ஆனால் கல்யாண ஆர்டரை எடுக்கச் சொன்னதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அடுப்பு சும்மா இருக்க வேண்டும். அதே ஆர்டர் தீபாவளிக்கு முந்தைய வாரம் வருகிறது, 1,300 கிலோவும் கடைகளுக்கே போய்விடுகிறது என்றால், அந்த 200 கிலோவைக் கடைக்காரரிடமிருந்து பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். கடையில் கிலோவுக்கு 120 கிடைத்திருக்கும், அதாவது 24,000. இங்கே 6,000. ஆச்சிக்கு 18,000 இழப்பு. ராத்திரியும் ஆள் வைத்துச் செய்வதாக இருந்தால் அந்த இரட்டைக் கூலியையும் கழித்த பிறகே முடிவு சொல்லுங்கள். 230-க்குக் கொடுத்தது வாடிக்கைக் கடைக்காரர் காதுக்குப் போனால் அவரும் கேட்பார். அந்தக் கணக்கு எந்த ஃபார்முலாவிலும் வராது.

அடுப்பு நிரம்பிய காலத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்ப்பதும் போதாது, அடுப்பு நேரத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மணகோலம் கிலோவுக்கு 150 ரூபாய் காண்ட்ரிபியூஷன் தருகிறது, ஆனால் பாகு காய்ச்சிக் கலக்கும் வேலையால் மணிக்கு 6 கிலோதான் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 900 ரூபாய். தேன்குழல் மணிக்கு 10 கிலோ, 1,200 ரூபாய். அந்த வாரம் தேன்குழலுக்குத்தான் முதலிடம்.

6. சமநிலைப் புள்ளிக்குக் கிராஸ் மார்ஜினை எடுக்காதீர்கள்

எத்தனை கிலோ விற்றால் கைக்கடி இல்லாமல் இருக்கும் என்று ஆச்சி கேட்பார்கள். மொத்த நிலையான செலவு 40,000-உம் 30,000-உம் சேர்ந்து 70,000. இதைக் கிலோ காண்ட்ரிபியூஷன் 120-ஆல் வகுத்தால் 583.3, அதாவது 584 கிலோ.

மாணவர்கள் அடிக்கடி 70,000-ஐ கிலோவின் மொத்த லாபமான 160-ஆல் வகுத்து 438 கிலோ என்று எழுதுகிறார்கள். அதை நம்பி 438 கிலோவோடு ஆச்சி நிறுத்தினால் கையில் வருவது 52,560 ரூபாய்தான். வாடகையும் சம்பளமும் போக 17,440 துண்டு விழும். அந்த 160-இல் மாஸ்டர் சம்பளம் ஏற்கெனவே ஒரு முறை கழிந்துவிட்டது, கமிஷனோ கழியவே இல்லை. இரண்டு கோளாறும் ஒரே எண்ணில் இருக்கின்றன.

7. சரக்கு தேங்கினால் கிராஸ் மார்ஜின் ஏறும்

விற்பனை அதே 1,000 கிலோ. ஆனால் ஒரு மாதம் 1,250 கிலோ செய்துவிட்டார்கள். 40,000 ரூபாய் நிலையான தயாரிப்புச் செலவு இப்போது 1,250 கிலோவில் பரவுகிறது. கிலோவுக்கு 40 இல்லை, 32. அடக்கம் 232. மொத்த லாபம் 1,68,000, கிராஸ் மார்ஜின் 42 சதவீதம். ஒரு கிலோகூட அதிகம் விற்கவில்லை, லாபம் மட்டும் 8,000 கூடிவிட்டது. அந்த 8,000 எங்கும் கிடைத்த பணம் இல்லை, தகர டின்களில் இருக்கும் 250 கிலோவின் மேல் உட்கார்ந்திருக்கும் வாடகையும் சம்பளமும்.

அடுத்த மாதம் 750 கிலோ மட்டும் செய்து, பழைய 250-ஐயும் சேர்த்து 1,000 விற்றால் மொத்த லாபம் 1,52,000-ஆக இறங்கி 38 சதவீதம் ஆகும். இரண்டு மாதமும் காண்ட்ரிபியூஷன் 30 சதவீதத்திலேயே இருக்கும். எனவே கிராஸ் மார்ஜின் திடீரென்று ஏறியிருந்தால் பாராட்டி எழுதுவதற்கு முன் மாதக் கடைசிச் சரக்கைப் பாருங்கள். தேன்குழல் தேங்கினால் காறல் வாடை வந்துவிடும், அதைத் தூக்கிப் போடும் மாதத்தில் இந்த லாபமெல்லாம் திரும்பிப் போகும்.

இது யாரும் செய்யும் ஏமாற்று அல்ல. சரக்கு மதிப்பீட்டுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 2, நிலையான தயாரிப்புச் செலவின் பங்கையும் சரக்கின் மதிப்பில் சேர்க்கத்தான் சொல்கிறது. அதையும் வழக்கமான உற்பத்தித் திறனை அடிப்படையாக வைத்துப் பங்கிடச் சொல்கிறது.

8. கிராஸ் மார்ஜின் எங்கே வேண்டும்

ஆச்சி வங்கிக் கடனுக்குப் போகும்போது மேலாளர் பார்ப்பது வியாபாரக் கணக்கையும் அதில் வரும் மொத்த இலாபத்தையும். வருமான வரித் தணிக்கையிலும் மொத்த இலாப விகிதத்தைத்தான் போன வருடத்தோடு ஒப்பிடுவார்கள். விற்கும் விலையும் எண்ணெய் விலையும் செய்த கிலோவும் மாறாமல் விகிதம் மட்டும் இறங்கினால், சரக்கு எங்கோ கசிகிறது, எண்ணெய் வீணாகிறது, அல்லது இருப்பை எண்ணியது தவறு என்று பொருள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல எண் கிடையாது. காண்ட்ரிபியூஷனை வெளியாள் கேட்கவும் மாட்டார், கேட்டாலும் சரிபார்க்க அவரிடம் கூலி நோட்டு இருக்காது.

வியாபாரக் கணக்கு எழுதும்போது எண்ணெய் டின் கொண்டுவந்த வண்டி வாடகை உள்தூக்குக் கூலி, அது இந்தக் கணக்கில் வரும். பலகாரம் அனுப்பிய பார்சல் வெளித்தூக்குக் கூலி, அது இலாப நட்டக் கணக்குக்குப் போகும். இரண்டையும் "பார்சல் செலவு" என்று ஒரே வரியில் எழுதி வைத்திருப்பார்கள், பிரித்து எடுங்கள்.

கடைசியாக, ஆச்சியின் கூடத்தைப் பெரிய பலகாரக் கம்பெனியோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுவதாகச் சொன்னீர்கள். கம்பெனிச் சட்டம் 2013-இன் அட்டவணை 3 காட்டும் படிவத்தில் மொத்த இலாபம் என்ற வரியே கிடையாது. செலவுகள் மூலப்பொருள், சரக்கு இருப்பு மாற்றம், ஊழியர் செலவு, தேய்மானம், இதரச் செலவு என்று வரிசையாக இருக்கும். ஆலைக் கூலியும் அலுவலகச் சம்பளமும் ஒரே ஊழியர் செலவு வரியில் கிடக்கும். கம்பெனிகளின் கிராஸ் மார்ஜின் என்று நீங்கள் எங்காவது பார்க்கும் எண் பெரும்பாலும் விற்பனையிலிருந்து மூலப்பொருள் செலவையும் இருப்பு மாற்றத்தையும் மட்டும் கழித்தது. அதில் கூலியும் வாடகையும் கழிந்திருக்காது. அதன் பக்கத்தில் ஆச்சியின் 40 சதவீதத்தை வைக்காதீர்கள். ஆச்சிக்கும் மாவு, எண்ணெய், கவர் மட்டும் கழித்துத் தனியாக ஒரு எண் போடுங்கள்: கிலோவுக்கு 140 போக 260 ரூபாய், 65 சதவீதம். அதைக் கம்பெனி எண்ணோடு ஒப்பிட்டு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். வைவாவில் முதல் கேள்வி அங்கேதான் வரும்.